நட்டும் காந்தமும் உள்ளே வைத்து மூடும் பிரிண்ட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மட்டக்களப்பில் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் கெட்டுப்போன துண்டுகளில் ஒரு வகை அடிக்கடி வரும். பாதியில் நிறுத்தி, குழிக்குள் நட்டையோ காந்தத்தையோ வைத்து, மேலே மூடப் பார்த்த துண்டுகள் அவை. கோளாறு ஏழெட்டு விதமாகத் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் குழியின் ஆழம், நிறுத்தும் லேயர், நிற்கும்போது மோட்டாரின் நிலை என்ற மூன்றில் ஒன்றுதான். உங்கள் துண்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது.

இங்கே சொல்லும் அளவுகள் 0.4 மி.மீ. பித்தளை நொசிலுக்கும் பி.எல்.ஏ. இழைக்கும் உரியவை. உதாரணமாக ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறேன். மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கும் ஒரு நானா, தறிச் சட்டத்தை இறுக்கும் எம்8 போல்ட்டுக்குக் கையால் திருகும் குமிழ் ஒன்று கேட்டார். "தம்பி, ஸ்பேனர் தேடாம இறுக்கிற மாதிரி வேணும்" என்பதுதான் அவர் சொன்ன அளவு. எம்8 நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 13 மி.மீ., கலிப்பரில் அளந்த தடிப்பு 6.5 மி.மீ. குழியைப் பக்கத்துக்குப் பக்கம் 13.3, ஆழம் 6.8 என்று வரைந்தேன். குழிக்குக் கீழே தரை 4 மி.மீ. அதாவது குழி 4.0 உயரத்தில் தொடங்கி 10.8 உயரத்தில் முடிகிறது. முதல் லேயர் உட்பட எல்லா லேயரும் 0.2 மி.மீ. என்றால் 54ஆம் லேயரோடு குழி முடிந்துவிடும், 55ஆம் லேயர்தான் கூரையின் முதல் லேயர்.

## பிரிண்டர் நிற்கவே இல்லை, வெறும் குழியை மூடிவிட்டது

முதலில் ஃபைலைப் பாருங்கள். ஜிகோட் ஃபைலை நோட்பேடில் திறந்து `M600`, `M601`, `M0`, `M25`, `PAUSE` ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். `;` என்று தொடங்கும் வரிகள் கட்டளை அல்ல, அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒன்றுமே இல்லையென்றால் நிறுத்தத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் சேமித்த பழைய ஃபைல்தான் மெமரி கார்டில் போயிருக்கிறது. இது எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது. Cura பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். Pause at Height ஸ்கிரிப்ட் ஃபைலைச் சேமிக்கும்போதுதான் சேர்கிறது, அதனால் முன்னோட்டத்தில் பார்த்து உறுதிசெய்ய முடியாது. அந்த ஸ்கிரிப்டை நீங்களாக எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும் என்பதால், அடுத்த நாள் வேறொரு துண்டு காரணமே இல்லாமல் நடுவில் நிற்பதும் உண்டு.

கட்டளை ஃபைலில் இருக்கிறது, ஆனாலும் நிற்கவில்லை என்றால் உங்கள் பிரிண்டரின் ஃபர்ம்வேருக்கு அந்தக் கட்டளை தெரியாது. Marlin ஃபர்ம்வேரில் `M600` தானாக வருவதில்லை, செய்தவர் அதைத் திறந்துவிட்டிருந்தால்தான் வேலை செய்யும். மலிவான பிரிண்டர்கள் பலவற்றில் அது மூடியே வரும். சோதிக்க 10 மி.மீ. உயரத்தில் சின்னக் கனசதுரம் ஒன்றை எடுத்து, நடுவில் `M600` வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். நிற்காவிட்டால் `M25`, அதுவும் இல்லாவிட்டால் `M0` என்று மாற்றிப் பாருங்கள். `M600` இழை மாற்றும் கட்டளை என்பதால் இழையை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பக் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, வெளியே வந்த அதே இழையின் நுனியை வெட்டித் திரும்பக் கொடுக்கலாம்.

எந்தக் கட்டளைக்கும் நிற்காத பிரிண்டருக்கு ஃபர்ம்வேர் மாற்ற வேண்டிவரும். போர்டின் பெயரும் பதிப்பும் உறுதியாகத் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள், தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதுவரை அந்த உயரம் வரும் நேரத்தைக் கணித்துப் பக்கத்தில் நின்று, திரையில் இருக்கும் நிறுத்தப் பொத்தானை அழுத்தலாம்.

## நின்றது, ஆனால் ஒரு லேயர் முந்தியோ பிந்தியோ

பிந்தி நின்றால் குழிக்கு மேல் மெல்லிய தோல் ஒன்று ஏற்கெனவே போட்டிருக்கும். முந்தி நின்றால் நட்டுக்கு மேலே இருக்க வேண்டிய இடைவெளி குறையும், சில வேளை நட்டு குழிக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்லைசரும் லேயரை ஒவ்வொரு மாதிரி எண்ணுகிறது.

PrusaSlicer, OrcaSlicer இரண்டிலும் முன்னோட்டத்தின் வலப்பக்க அளவுகோலில் நீங்கள் குறிக்கும் லேயருக்கு முன்னால் பிரிண்டர் நிற்கும். ஆகவே கூரையின் முதல் லேயரைக் குறிக்க வேண்டும். நானாவின் குமிழுக்கு அது 55ஆம் லேயர், அளவுகோலில் 11.00 என்று காட்டும் இடம். Cura-வின் ஸ்கிரிப்ட் கேட்பது நிறுத்தத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய கடைசி லேயரை. அங்கே 54 போட வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றதற்கு மாறும்போது சரியாக ஒரு லேயர் தவறுவது இதனால்தான்.

எண்ணை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்ப்பது நல்லது. அளவுகோலை மெல்ல மேலே நகர்த்துங்கள். குழி வட்டமாகவோ அறுகோணமாகவோ திறந்து தெரியும் கடைசி லேயர் எது, குறுக்கே கோடுகள் ஓடும் முதல் லேயர் எது என்று தெளிவாகத் தெரியும். லேயர் உயரத்தை மாற்றினால் எண்ணும் மாறும். 0.2இல் சரியாக வந்த 55ஐ 0.3இல் அப்படியே வைத்தால் குழி மூடி எவ்வளவோ மேலே போன பிறகுதான் நிற்கும்.

## தொடர்ந்ததும் நொசில் நட்டிலோ காந்தத்திலோ உரசுகிறது

கிறீச் என்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு லேயர் போனால் சரியாகிவிடும்" என்று விட்டவர்களின் துண்டுகளில் அதற்குப் பிறகு எல்லா லேயரும் பக்கவாட்டில் விலகியிருக்கும்.

நட்டை வைத்த பிறகு, தொடரும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், ஒரு இரும்பு அடிமட்டத்தின் ஓரத்தைக் குழியின் மேல் குறுக்கே வைத்து வழுக்குங்கள். எதிலும் தட்டக்கூடாது. அடிமட்டத்துக்கும் நட்டுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். காந்தத்துக்கு இரும்பு அடிமட்டம் ஒத்துவராது, அது காந்தத்தை வெளியே இழுத்துவிடும். பிளாஸ்டிக் அடிமட்டம் போதும்.

தட்டினால் நட்டை வெளியே எடுத்துக் குழியின் தரையைப் பாருங்கள். இழைத் துணுக்கோ நூல் நூலாகச் சிலந்தி வலை போன்ற இழுப்போ கிடந்தால் அதுதான் நட்டைத் தூக்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வாவிப் பக்கத்து வீடுகளில் இந்தக் கோளாறு கூடும். திறந்து வைத்த இழை ஈரத்தை உறிஞ்சி, நொசிலில் பொரிந்து நூல் விடும். முள்வாங்கியால் துப்புரவாக்கிவிட்டு நட்டைத் திரும்ப வையுங்கள். அந்தச் சுருளை அடுத்த வேலைக்கு முன்னால் உலர்த்திக்கொள்ளுங்கள்.

தரை துப்புரவாக இருந்தும் தட்டுகிறது என்றால் நட்டை அளவுங்கள். ஹார்ட்வெயர் கடையில் ஒரே பையில் வாங்கிய நட்டுகளே தடிப்பில் சிறிது மாறும், சிலவற்றின் ஓரத்தில் பிசிறும் இருக்கும். குழியை அட்டவணை அளவுக்கு வரையாமல் கையில் இருக்கும் நட்டுகளில் தடித்ததை அளந்து, அதற்குமேல் 0.2 முதல் 0.3 மி.மீ. ஆழம் கூட்டி வரையுங்கள்.

அதுவும் சரியென்றால் மிஞ்சுவது லேயர் உயரம். இந்த இடத்தில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கணக்கைக் காட்டுகிறேன். நீங்கள் வரைந்த ஆழம் அப்படியே பிரிண்டில் வருவதில்லை. ஸ்லைசர் ஒவ்வொரு லேயரின் நடுவிலும் வெட்டிப் பார்த்து, அந்த இடம் பொருளா வெற்றிடமா என்று முடிவெடுக்கிறது. அதே குமிழை அவசரத்துக்கு 0.3 லேயரில், முதல் லேயர் மட்டும் 0.2ஆக ஓட்டினால் லேயர்களின் மேல்மட்டம் 0.2, 0.5, 0.8 என்று ஏறி 3.8, பிறகு 4.1 என்று வரும். 3.8க்கும் 4.1க்கும் நடு 3.95. அது 4.0க்குக் கீழே இருப்பதால் அந்த லேயர் முழுவதும் தரையாகி, தரை 4.1க்கு உயர்கிறது. மேலே 10.7க்கும் 11.0க்கும் நடு 10.85. அது 10.8க்கு மேலே இருப்பதால் அந்த லேயர் முழுவதும் கூரையாகி, கூரை 10.7இலேயே தொடங்குகிறது. வரைந்த 6.8 மி.மீ. ஆழம் இப்போது 6.6தான். நட்டுக்கு மேலே இருந்த 0.3 இடைவெளி 0.1 ஆகிவிட்டது. தரையில் ஒரு சின்னத் துணுக்கு இருந்தாலும் நொசில் தட்டும்.

ஆகவே குழியின் தரை உயரமும் கூரை உயரமும் நீங்கள் ஓட்டப்போகும் லேயர்களின் மேல்மட்டத்தில் வந்து விழும்படி வரையுங்கள். 0.3இல் ஓட்ட வேண்டுமென்றால் தரை 4.1, கூரை 11.0 என்று மாற்றினால் ஆழம் 6.9 வரும், நட்டு நிம்மதியாக உட்காரும்.

பலமாக மோதிய பிறகு இழை ஒழுங்காக வராமல் போனாலோ, நொசிலுக்கு மேலே சூட்டுக் கட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கசிந்தாலோ, திரையில் வெப்பநிலைப் பிழை காட்டினாலோ அதற்குமேல் ஓட்ட வேண்டாம். சூட்டு முனையைக் கழற்றி மாட்டத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

## காந்தம் குழியில் இருக்கமாட்டாமல் நொசிலில் போய் ஒட்டுகிறது

பித்தளை நொசில் காந்தத்தை இழுக்காது. கடினப்படுத்திய எஃகு நொசில் நன்றாக இழுக்கும். இருட்டில் ஒளிரும் இழைக்கோ கார்பன் கலந்த இழைக்கோ மாட்டிய எஃகு நொசிலைக் கழற்றாமல் விட்டிருந்தால் காரணம் அதுதான். பித்தளைக்கு மாறிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பித்தளை மாட்டியும் தாவுகிறது என்றால், விசிறி மூடியிலோ சூட்டுக் கட்டியிலோ கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுத் திருகு எது என்று, தட்டு ஆறியிருக்கும்போது ஒரு காந்தத்தைக் கையில் பிடித்துக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

நொசிலை மாற்ற முடியாத இடத்தில் காந்தத்தை ஒட்டுங்கள். தரையில் சுப்பர் குளூ ஒரு சிறு துளி போதும். கூடினால் விளிம்பில் பிதுங்கி காந்தத்தைத் தூக்கிவிடும். துளி காயும்வரை காத்திருந்துதான் தொடர வேண்டும், ஈரமாக இருக்கும்போது சூடான நொசில் மேலே போனால் கண்ணை எரிக்கும் புகை வரும். எஃகுத் தகடு போட்ட தட்டுள்ள பிரிண்டரில், குழியின் தரை மூன்று லேயர்தான் என்றால் தகடே காந்தத்தைக் கீழே பிடித்து வைக்கும். கண்ணாடித் தட்டில் அந்த உதவி இல்லை.

இரண்டு காந்தங்கள் கிட்டக் கிட்ட இருந்து ஒன்று மற்றதன் மேல் தாவினால் வரைபடத்தில் தள்ளி வையுங்கள். எவ்வளவு தள்ளுவது என்பது காந்தத்தின் அளவைப் பொறுத்தது. மேசையில் இரண்டையும் வைத்து மெல்லக் கிட்டக் கொண்டுவந்து, அசையத் தொடங்கும் தூரத்தை அளந்து, அதைவிடக் கூட வையுங்கள்.

## தொடர்ந்த பிறகு மேல்பாதி பக்கவாட்டில் விலகியிருக்கிறது

நட்டை அழுத்தித் திணித்தீர்களா? அப்படியென்றால் துண்டோ தட்டோ அந்த அழுத்தத்தில் நகர்ந்திருக்கலாம். நட்டு தன் பாரத்திலேயே குழிக்குள் விழ வேண்டும். விழவில்லையென்றால் பக்கத்துக்கு 0.1 மி.மீ. கூட்டி வரையுங்கள்.

அழுத்தவே இல்லை, நட்டைத் தேடப் போய் வரச் சுணங்கிவிட்டது என்றால் மோட்டார் விடுபட்டிருக்கிறது. Marlin-இல் அசைவில்லாமல் குறிப்பிட்ட நேரம் நின்றால் மோட்டார்கள் தாமாகவே பிடியை விட்டுவிடும், பொதுவாக அது 120 நொடி. பிடி விட்ட தலை கை பட்டாலே நகரும். பிரிண்டருக்கு அது தெரியாது, பழைய இடத்தில் இருப்பதாகவே எண்ணித் தொடரும். ஸ்லைசரின் தொடக்கக் கட்டளைகளின் கடைசியில் இதைச் சேர்த்துவிடுங்கள்:

```
M84 S0
```

S0 இருந்தால் அந்த நேர எல்லை நீங்கிவிடும். S இல்லாமல் வெறும் `M84` எழுதினால் அந்த நொடியே மோட்டார்கள் விடுபடும், ஆகவே எழுத்தைச் சரிபாருங்கள். Klipper ஓடும் பிரிண்டரில் வழக்கமான எல்லை 600 நொடி, அது சூட்டையும் அணைத்துவிடும். அங்கே `SET_IDLE_TIMEOUT TIMEOUT=3600` என்று போடலாம்.

நிற்கும் நேரத்தில் தட்டின் சூடு குறையக்கூடாது. கண்ணாடியில் ஒட்டிய பி.எல்.ஏ. ஆறினால் தானாகவே விட்டுவிடும். கரண்ட் போய் வந்தாலும் இதே கதிதான். மின்சாரம் வந்ததும் தொடரும் வசதி பிரிண்டரில் இருந்தாலும், துண்டு தட்டில் உறுதியாக இருக்கிறதா என்று விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் தொடருங்கள்.

## கூரை தொங்குகிறது, அல்லது நடுவில் நூல் குவியலாகிறது

கூரையில் ஓட்டை இல்லையென்றால் இது பெரும்பாலும் வராது. நொசில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நேர்கோடாக இழுக்கும், 13 மி.மீ. தூரம் அதற்குப் பெரிதல்ல. கொஞ்சம் தொங்கினாலும் 0.3 மி.மீ. கீழே நட்டு தாங்கிக்கொள்ளும். அப்படியும் தொங்கினால் பாகத்தைக் குளிரவைக்கும் விசிறி பாலம் போடும்போது முழுவேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

சிக்கல் ஓட்டை உள்ள கூரையில்தான். நானாவின் குமிழில் போல்ட்டின் நுனி நட்டைத் தாண்டி மேலே வரும், ஆகவே கூரையிலும் வழி வேண்டும். நேரடியாக 8.5 மி.மீ. வட்ட ஓட்டை வரைந்தால், அந்த வட்டத்தின் சுவரை நொசில் நட்டுக்கு மேலே பிடிமானமே இல்லாத இடத்தில் சுற்ற வேண்டிவரும். அது சுருண்டு, நட்டின் மரைக்குள் விழுந்து, போல்ட்டு ஏறாமல் அடைத்துக்கொள்ளும்.

தீர்வு வரைபடத்தில் இருக்கிறது. 55ஆம் லேயரை மட்டும் ஓட்டையில்லாமல் முழுவதும் மூடிவிடுங்கள், 0.2 மி.மீ. தடிப்பில் ஒரே ஒரு தோல். ஓட்டையை 56ஆம் லேயரிலிருந்து தொடங்குங்கள். இப்போது வட்டத்தின் சுவருக்குக் கீழே பிடிமானம் இருக்கிறது. பிரிண்ட் முடிந்து ஆறியதும் 8 மி.மீ. துளைக்கம்பியைக் கையால் திருகி அந்தத் தோலைக் கிழித்துவிடலாம். மெசினில் மாட்டித் துளைக்க வேண்டாம், நட்டின் மரை கெடும்.

## காந்தம் பிடிக்கவில்லை

தள்ளுகிறது என்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், மூடியபின் செய்ய ஒன்றுமில்லை. எல்லாக் காந்தங்களையும் ஒரே அடுக்காக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாக எடுக்கும்போது மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பெட்டியையும் மூடியையும் ஒட்டும் முகம் மேலே இருக்கும்படி பிரிண்ட் செய்வதாக வைத்துக்கொண்டால், பெட்டியில் புள்ளி மேலே, மூடியில் புள்ளி கீழே.

பலம் குறைவு என்றால் முதலில் இடையில் இருக்கும் பிளாஸ்டிக்கை அளவுங்கள். ஒட்டும் பக்கத்தில் 0.4 முதல் 0.6 மி.மீ. வரை போதும். இடைவெளி கூடக்கூடப் பிடி மிக வேகமாகக் குறையும். அடுத்தது சூடு. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 பாகைக்கு மேல் போனால் பலத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கும். 60 பாகைத் தட்டில் பி.எல்.ஏ. ஓட்டினால் கவலையில்லை. 100 பாகைத் தட்டில் ஏ.பி.எஸ். ஓட்டினால் பிரிண்ட் முடியும்வரை காந்தம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். அதற்குக் குழியைப் பக்கவாட்டில் திறந்ததாக வரைந்து, ஆறிய பிறகு காந்தத்தைச் செருகி ஒட்டுவதே சரி.

## இறுக்கும்போது நட்டு உள்ளே சுழல்கிறது

குழி தளர்வாக இருந்தால் அறுகோணத்தின் மூலைகள் சுவரைச் சீவிவிடும். நட்டு தன் பாரத்தில் விழுவதற்குத் தேவையானதைவிடக் கூட விடாதீர்கள், எம்8க்குப் பெரும்பாலும் 0.3 போதும். அளவு சரியாக இருந்தும் சுழன்றால் சுவர் மெல்லியது. வழக்கமான இரண்டு சுற்றுச் சுவரை நான்காகவோ ஐந்தாகவோ கூட்டுங்கள். உள்நிரப்பைக் கூட்டுவதைவிட இது நன்றாகத் தாங்கும்.

நட்டு சுழலாமல் தரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கினால் தரை போதாது. குமிழை இறுக்கும்போது போல்ட்டு நட்டைத் தரையை நோக்கித்தான் இழுக்கிறது, கூரைக்குப் பாரமே இல்லை. அதனால்தான் தரைக்கு 4 மி.மீ. கொடுத்தேன், அந்த 4 மி.மீ.யையும் உள்நிரப்பு இல்லாமல் முழுத் திண்மமாக ஓட்டினேன். வாவிக்கரைக்கும் கடற்கரைக்கும் போகும் துண்டு என்றால் நட்டைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். நாகப் பூச்சு நட்டு உள்ளே துருவேறி போல்ட்டோடு இறுகிவிட்டால், அடுத்த தடவை திருகும்போது இதே சுழற்சி திரும்ப வரும். அப்போது நட்டை வெளியே எடுக்க வழியில்லை, குமிழை வெட்டித்தான் கழற்ற வேண்டும்.